ஒரே பில்லுக்குக் கார்டில் இரண்டு முறை பணம் போனால்: வங்கியில் சார்ஜ்பேக் போடுமுன் கடையோடு பேசுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜவுளிக்கடையில் 6,840 ரூபாய்க்குத் துணி எடுத்தேன். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் அதே தொகை இரண்டு வரியாக வந்திருக்கிறது. கடைக்குப் போவதா, வங்கிக்குப் போவதா?

முதலில் கடைக்கு. பணம் கடையின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அதை வேகமாகத் திருப்பக்கூடியவர் கடைக்காரர்தான். அவர் ரீஃபண்ட் போட்டால் சுமார் ஒரு வாரத்தில் கார்டுக்கு வந்துவிடும். சார்ஜ்பேக் என்றால் உங்கள் வங்கி விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க் வழியாகக் கடையின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். அந்த வங்கி கடையிடம் விளக்கம் கேட்கும். பதில் சொல்லக் கடைக்கு அவகாசம் உண்டு என்பதால் ஒன்றிரண்டு மாதம் இழுப்பது சாதாரணம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வங்கியின் புகார்ப் படிவத்தில் 'வணிகரைத் தொடர்புகொண்டீர்களா, என்ன பதில் வந்தது' என்ற கேள்வி பெரும்பாலும் இருக்கும். கடைக்கு எழுதிய மெயிலும் வந்த பதிலும் கையில் இருந்தால் அந்த இடத்தை நிரப்ப யோசிக்க வேண்டியதில்லை. கடைக்கும் இதில் அக்கறை உண்டு. சார்ஜ்பேக் ஒவ்வொன்றுக்கும் கடையின் வங்கி தனிக் கட்டணம் பிடிப்பது வழக்கம். பேச்சு சுமுகமாகப் போகும்வரை இதைச் சொல்லிக் காட்ட வேண்டாம்.

முதல் தடவை ஸ்லிப் வரவில்லை, அதனால் 'பெயில்' என்று சொல்லி வேறு மெஷினில் போட்டார்கள். பெயில் ஆனதற்கு எப்படிப் பணம் போகும்?

ஸ்லிப் வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே நடந்தது வேறு.

முதல் வகையில், உங்கள் வங்கி 'சரி' என்று அனுப்பிய பதில் மெஷினுக்கு வந்து சேரவில்லை. நடுவில் சிக்னல் போய்விட்டது. மெஷினைப் பொறுத்தவரை பரிவர்த்தனையே நடக்கவில்லை. அடுத்த முறை இணைப்புக் கிடைத்ததும் அது ரத்துச் செய்தியை அனுப்பும். இந்தப் பணம் கடைக்குப் போவதில்லை. கிரெடிட் கார்டில் இது 'பெண்டிங்' என்று சில நாள் நின்று, தானாக மறையும். பொதுவாக ஸ்டேட்மென்டில் ஏறாது.

இரண்டாம் வகையில், பதில் மெஷினுக்கு வந்துவிட்டது. பேப்பர் ரோல் தீர்ந்ததாலோ சிக்கியதாலோ ஸ்லிப் மட்டும் அச்சாகவில்லை. கேஷியர் அதைத் தோல்வி என்று நினைத்து இன்னொரு மெஷினை எடுக்கிறார். இரவு அன்றைய கார்டு வசூலை மொத்தமாக வங்கிக்கு அனுப்பும் செட்டில்மென்ட் போடும்போது இரண்டு மெஷினிலிருந்தும் 6,840 கடையின் கணக்குக்குப் போகும். உங்கள் ஸ்டேட்மென்டில் இரண்டு வரியும் நிலையாக ஏறிவிட்டதால் இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, ஆனால் அபூர்வம். நீங்கள் ஒரே தடவைதான் கார்டைப் போட்டீர்கள், கடையின் பக்கமோ அதன் வங்கியோ அதே பரிவர்த்தனையை இரண்டு முறை அனுப்பிவிட்டது. அப்போது இரண்டு வரிக்கும் ஒப்புதல் எண் ஒன்றாகவே இருக்கும். அதுவே போதுமான சாட்சி என்பதால் தீர்ப்பதும் சுலபம்.

டெபிட் கார்டாக இருந்தாலும் இதே வழிதானா?

இல்லை, இங்கே பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். டெபிட் கார்டில் ஒப்புதல் கொடுத்த நொடியிலேயே கணக்கிலிருந்து பணம் கழிந்துவிடும். பாஸ்புக்கில் வரி இருக்கிறது என்பதால் கடைக்குப் பணம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன முதல் வகையாக இருந்தால் கடைக்காரரிடம் திருப்பித் தர எதுவும் இல்லை. அவரோடு சண்டை போட்டுப் பயனும் இல்லை.

பணம் கழிந்து, கடைக்கு உறுதி போய்ச் சேராத பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கால வரம்பு வைத்தது. பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் ஆறாம் நாளிலிருந்து நாளுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு. அதை வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி கொடுக்க வேண்டும். ஆகவே டெபிட் கார்டில் ஐந்து நாள் பொறுங்கள். அதற்குள் வராவிட்டால் கடையிடம் 'எங்களுக்கு ஒரு தொகைதான் வந்தது' என்று ஒரு வரி மெயில் மட்டும் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். 'இரு முறை வசூல்' என்று எழுதாமல், 'தோல்வியடைந்த பரிவர்த்தனை, பணம் திரும்பவில்லை' என்று எழுதுங்கள்.

கடைக்கு எழுதுமுன் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

துணிக்கடை பில், கையில் இருக்கும் ஸ்லிப், ஸ்டேட்மென்டின் அந்தப் பக்கம், வங்கி அனுப்பிய இரண்டு எஸ்எம்எஸ். எஸ்எம்எஸ்ஸில் நேரம் இருப்பதுதான் அதன் மதிப்பு. ஒரே பில்லுக்கு மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு செய்தி என்றால் பார்ப்பவருக்கே விளங்கும்.

ஸ்லிப்பில் மூன்று எண் முக்கியம். `TID` என்பது மெஷினின் எண். `APPR CODE` அல்லது `AUTH CODE` என்று இருப்பது உங்கள் வங்கி கொடுத்த ஆறு இலக்க ஒப்புதல் எண். `RRN` என்பது பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண். அச்சாகாத ஸ்லிப்புக்கு இவை உங்களிடம் இருக்காது. கார்டு வங்கியின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு, 'இந்த இரண்டு வரிக்கும் ஒப்புதல் எண் என்ன' என்று கேளுங்கள். புகார் எதுவும் பதிய வேண்டாம், விவரம் மட்டும் போதும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர்களே டிஸ்பியூட் போட்டுவிடுவது உண்டு.

பில் எத்தனை என்பதையும் நன்றாகப் பாருங்கள். பெரிய கடைகளில் புடவைக்கு ஒரு கவுன்டர், ரெடிமேடுக்கு ஒரு கவுன்டர் என்று தனித்தனி பில் போடுவார்கள். தற்செயலாக ஒரே தொகைக்கு இரண்டு உண்மையான பில் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

கடைக்கு என்ன எழுதுவது?

முதலில் பில்லில் இருக்கும் எண்ணுக்குப் பேசிவிட்டு, அன்றே மெயிலிலும் அனுப்புங்கள். பேச்சு வேகத்துக்கு, மெயில் சாட்சிக்கு. ஒரு மாதிரி:

"வணக்கம். 12-10-2025 மாலை உங்கள் கடையில் பில் எண் 4471-க்கு ரூ. 6,840 கார்டில் செலுத்தினேன். அதே பில்லுக்கு மாலை 6.41-க்கும் 6.44-க்கும் இரண்டு முறை தொகை எடுக்கப்பட்டிருக்கிறது. ஒப்புதல் எண்கள் 218834, 067215. இரண்டாவதற்கு மட்டுமே ஸ்லிப் கிடைத்தது. முதலாவதற்குப் பில் இல்லை. கார்டின் கடைசி நான்கு எண் 3307. 218834 என்ற ஒப்புதல் எண்ணில் வந்த ரூ. 6,840-ஐ அதே கார்டுக்குத் திருப்பி, ரீஃபண்டைத் தேட உதவும் ஏஆர்என் எண்ணை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். பில், ஸ்லிப், ஸ்டேட்மென்ட் இணைத்துள்ளேன். 5-11-2025-க்குள் பதில் வேண்டும்."

எந்த வரியைத் திருப்ப வேண்டும் என்று ஒப்புதல் எண்ணோடு சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். 'இரண்டில் ஒன்றைத் திருப்புங்கள்' என்று எழுதினால் கணக்குப் பிரிவில் யாரும் பொறுப்பெடுத்துச் செய்ய மாட்டார்கள். ஸ்டேட்மென்டை அனுப்பும்போது மற்ற செலவுகளை மறைத்துவிடுங்கள். முழுக் கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி எதையும் கொடுக்க வேண்டாம், ரீஃபண்டுக்கு அவை தேவையில்லை.

'எங்களுக்கு ஒரு தடவைதான் வந்திருக்கு சார், சிஸ்டம்ல ஒண்ணுதான் காட்டுது' என்கிறார்கள். பொய் சொல்கிறார்களா?

பெரும்பாலும் பொய் இல்லை, தவறான இடத்தில் பார்க்கிறார்கள். கேஷியர் பார்ப்பது பில்லிங் சாப்ட்வேர். அதில் பில் ஒன்றுதான், அதற்கு எதிரே பணமும் ஒன்றுதான். கார்டு மெஷின் வேறு உலகம். பல கடைகளில் இரண்டும் இணைக்கப்பட்டிருக்காது. கேஷியர் தொகையைக் கையால் மெஷினில் அடிப்பார், பில்லில் 'கார்டு' என்று ஒரு தடவை குறிப்பார். கூடுதலாக வந்த 6,840 பில்லிங் சாப்ட்வேருக்குத் தெரியவே தெரியாது.

அவர்கள் பார்க்க வேண்டியது வங்கி தினமும் கடைக்கு அனுப்பும் எம்பிஆர் என்ற வசூல் அறிக்கை. அதில் மெஷின் வாரியாக ஒவ்வொரு பரிவர்த்தனையும் ஒப்புதல் எண்ணோடு இருக்கும். இதைக் கவுன்டரில் இருப்பவர் பார்க்க முடியாது, கணக்குப் பிரிவில்தான் இருக்கும். எனவே கேட்க வேண்டிய வாக்கியம் இது: "12-ஆம் தேதி எம்பிஆரில், எல்லா மெஷினிலும், 218834 என்ற ஒப்புதல் எண்ணைத் தேடிப் பாருங்கள்."

'எல்லா மெஷினிலும்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மேலே பார்த்த எடுத்துக்காட்டில் முதல் மெஷின் ஒரு வங்கியுடையதாகவும் இரண்டாவது இன்னொரு வங்கியுடையதாகவும் இருக்கலாம். பண்டிகைக் கூட்டத்தில் கடைகள் இப்படி இரண்டு மூன்று வங்கியின் மெஷினை வைத்திருப்பது சகஜம். உங்கள் ஸ்லிப்பைப் பார்த்தவர் அந்த மெஷினின் அறிக்கையை மட்டும் திறந்து 'ஒன்றுதான்' என்று சொல்லிவிடுவார். கூடுதல் பணம் மற்ற வங்கியின் அறிக்கையில் கிடக்கும்.

அப்படித் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடை 'வரவில்லை' என்று எழுதியதும் உங்கள் ஸ்டேட்மென்டில் வரி இருப்பதும் சேர்ந்தால், இனி வங்கிதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ரீஃபண்ட் போட்டுவிட்டதாகச் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. ஒன்றும் வரவில்லை.

ஏஆர்என் எண்ணைக் கேளுங்கள். செட்டில்மென்டுக்குப் போன ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் கடையின் வங்கி கொடுக்கும் 23 இலக்க எண் இது. 'போட்டுவிட்டோம்' என்பவர்களிடம் இந்த எண் இல்லையென்றால் ரீஃபண்ட் இன்னும் கிளம்பவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். மெஷினில் ரீஃபண்ட் அடித்துவிட்டு அன்றைய செட்டில்மென்ட் போட மறப்பதும் நடக்கும். அப்போதும் ஸ்லிப் இருக்கும், ஏஆர்என் இருக்காது.

எண் வந்ததும் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். முதல் ஏழு இலக்கத்தை விட்டு அடுத்த நான்கைப் பாருங்கள். முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5302 என்றிருந்தால் 2025-இன் 302-ஆம் நாள், அதாவது அக்டோபர் 29. 5285 என்றிருந்தால் அது அக்டோபர் 12. அப்படியானால் ரீஃபண்டின் எண்ணுக்குப் பதிலாக வாங்கிய அன்றைய எண்ணையே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

சரியான எண் என்றால் உங்கள் கார்டு வங்கியிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். தேதியும் தொகையும் மட்டும் சொன்னால் 'எதுவும் வரவில்லை' என்பார்கள். ஏஆர்என் கொடுத்தால் தேட முடியும்.

அதே நாளில் கவனித்திருந்தால்?

வேலை ஐந்து நிமிடம். செட்டில்மென்ட் போடுமுன் அதே மெஷினில் 'வாய்ட்', அதாவது ரத்து, செய்துவிடலாம். பணம் கடைக்குப் போகவே போகாது, உங்கள் ஸ்டேட்மென்டிலும் ஏறாது. பல கடைகள் இரவு பூட்டும்போது செட்டில்மென்ட் போடும், சில மெஷின்கள் தாமாகவே போட்டுக்கொள்ளும். அதன்பிறகு ரீஃபண்ட் மட்டும்தான் வழி. வாய்ட் செய்த ஸ்லிப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'கேஷாத் தந்துடறோம்' என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

கார்டில் போன பணம் கார்டுக்கே திரும்புவதுதான் சரியான முறை. நல்ல கடைகள் ரொக்கம் தர மறுப்பதும் இதனால்தான்: ரொக்கத்தையும் வாங்கிக்கொண்டு சார்ஜ்பேக்கும் போடுபவர்கள் உண்டு. சின்னக் கடையில் வேறு வழியே இல்லாமல் ரொக்கம் வாங்கினால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அத்தோடு புகாரை முடித்துவிடுங்கள். 'அடுத்த தடவை வாங்கும்போது கழிச்சுக்கலாம்' என்ற கிரெடிட் நோட்டை ஏற்க வேண்டாம். ஏற்றுக்கொண்டால் பிறகு வங்கியில் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

இதற்கிடையே கிரெடிட் கார்டு பில் கட்ட வேண்டிய தேதி வந்துவிட்டது. அந்த 6,840-ஐ மட்டும் விட்டுவிட்டுக் கட்டலாமா?

கட்ட முடிந்தால் முழுதும் கட்டிவிடுங்கள். கடையோடு பேசிக்கொண்டிருப்பது வங்கிக்குத் தெரியாது. அதன் கணக்கில் 6,840 நிலுவைதான். நிலுவை நின்றால் வட்டியில்லாக் காலம் போய்விடும், அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அந்த வட்டியைப் பிறகு திருப்பிக் கேட்பது 6,840-ஐக் கேட்பதைவிடச் சிரமம்.

கட்ட வேண்டிய தேதிக்கு முன்பே ரீஃபண்ட் வந்துவிட்டால், இன்னும் பணம் கட்டாத நிலையில், அந்தத் தொகையை உடனே பில் பாக்கியில் கழித்து உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டல் சொல்கிறது. முழுதும் கட்டியபிறகு வந்தால் கார்டில் வரவாக நிற்கும்.

கடைக்காக எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

கடைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் போதும். நயமாகப் பேசிக்கொண்டே மாதக்கணக்கில் இழுக்கும் கடைகள் உண்டு. சார்ஜ்பேக்கின் காலக்கெடு நீங்கள் ஸ்டேட்மென்டைப் பார்த்த நாளிலிருந்து தொடங்குவதில்லை, பரிவர்த்தனை பதிவான நாளிலிருந்தே ஓடுகிறது. இரு முறை வசூலுக்கு விசாவில் 120 நாள், மாஸ்டர்கார்டில் 90 நாள். இது வங்கிக்கு நெட்வொர்க் கொடுத்த கெடு. வங்கி உங்களுக்கு வைக்கும் கெடு இதைவிடக் குறைவாக இருக்கும். ஸ்டேட்மென்டின் பின்பக்கத்தில் 30 நாள், 60 நாள் என்று எழுதியிருப்பார்கள்.

நம் எடுத்துக்காட்டில் பரிவர்த்தனை அக்டோபர் 13-இல் பதிவாகி, 20-ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். விசாவின் கடைசி நாள் பிப்ரவரி 10. ஆனால் வங்கி ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து 30 நாள் என்று சொல்லியிருந்தால் உங்கள் கடைசி நாள் நவம்பர் 19. அக்டோபர் 24-இல் கடைக்கு எழுதி, நவம்பர் 5-இல் ஏஆர்என் வரவில்லையென்றால் ஆறாம் தேதியே வங்கிக்குப் போய்விடலாம்.

வங்கிப் படிவத்தில் எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுப்பது?

'ஒரே பரிவர்த்தனைக்கு இரு முறை வசூல்'. 'இது நான் செய்யாத பரிவர்த்தனை' என்பதைத் தொடவே வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்தால் வங்கி முதலில் கார்டை முடக்கும், பிறகு மோசடியாக விசாரிக்கும். சிப் கார்டைப் போட்டு, பின் எண்ணும் அடித்திருக்கிறீர்கள் என்று பதிவு காட்டும். புகார் தள்ளுபடியாகும். உண்மையான புகாரைத் தவறான தலைப்பில் போட்டுத் தோற்பவர்கள் இப்படித்தான் தோற்கிறார்கள்.

படிவத்தோடு ஒரே பில், இரண்டு ஒப்புதல் எண், இரண்டு எஸ்எம்எஸ், கடையோடு நடந்த மெயில் எல்லாவற்றையும் இணையுங்கள். எது சரியான வசூல், எது கூடுதல் என்று இங்கேயும் எண்ணோடு எழுதுங்கள். வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்கலாம். கடை இரண்டு தனித்தனி பில்லைக் காட்டிவிட்டால் அது திரும்பப் பிடிக்கப்படும். ஆகவே முடிவு வரும்வரை அதைச் செலவழிக்காமல் விடுவது நல்லது.

ஆன்லைனில் கார்டு போகவில்லை என்று யுபிஐ-யில் கட்டினேன். பிறகு பார்த்தால் இரண்டும் போயிருக்கிறது.

கார்டு நெட்வொர்க்குகள் இதை வேறு முறையில் பணம் கட்டிய வகையாகப் பார்க்கும். படிவத்திலும் அந்தக் காரணமே வர வேண்டும். யுபிஐ ரசீதும் ஆர்டர் எண்ணும் இணைக்க வேண்டும். கார்டில் தாமதமாக ஒப்புதல் கிடைத்து, ஆர்டரோடு சேராத பணத்தைப் பல பேமென்ட் கேட்வேக்கள் சில நாளில் தாமாகவே திருப்பிவிடும். ஐந்து நாள் பார்த்துவிட்டு எழுதலாம்.

சார்ஜ்பேக் போட்ட பிறகு கடையும் ரீஃபண்ட் அனுப்பிவிட்டது. இப்போது?

அன்றே வங்கிக்கு எழுதி டிஸ்பியூட்டைத் திரும்பப் பெறுங்கள். ரீஃபண்டின் ஏஆர்என்னைக் குறிப்பிடுங்கள். சும்மா இருந்தால் கடை அந்த ரீஃபண்டைச் சாட்சியாகக் காட்டும், தற்காலிக வரவு கழியும். அது நீங்கள் பில் கட்டிய மறுநாளாகவும் இருக்கலாம். கடைக்கும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

'உங்க ரீஃபண்ட் ரெடி, ஒரு ஓடிபி வரும் சொல்லுங்க' என்று போன் வந்தது.

துண்டித்துவிடுங்கள். ரீஃபண்டுக்கு ஓடிபி, யுபிஐ பின், திரையைப் பகிரும் ஆப் எதுவும் வேண்டாம். கடையின் எண்ணைப் பில்லிலிருந்து எடுங்கள். தேடலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்களில் போலிகள் நிறைய.

வங்கியும் கைவிரித்தால்?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பில் பற்றிய புகாருக்கு அதிகபட்சம் 30 நாளில் விளக்கமும், பொருந்துமானால் ஆவணமும் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் அதே கார்டு வழிகாட்டல் வங்கியைக் கட்டுப்படுத்துகிறது. கடை கொடுத்த ஆவணத்தின் நகலையும் கேளுங்கள். பல சமயம் அதில் இருப்பது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அதே ஒரே பில்தான். 218834-க்கு எதிரே வேறு பில் எண் இல்லை என்று சுட்டிக்காட்டி மறுபரிசீலனை கேட்கலாம்.

30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். அங்கே கேட்கப்படுவது வங்கி சரியாக நடந்துகொண்டதா என்பதுதான், கடையை அவர்கள் விசாரிக்க மாட்டார்கள். கடை பணத்தை வைத்துக்கொண்டு மறுக்கிறது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டிலும் முதலில் கேட்கப்போவது நீங்கள் கடைக்கு எழுதிய மெயிலும் வங்கியின் புகார் எண்ணும்தான்.